வயலில் சூரியக் குடும்பம்: காலடிக் கணக்கு எங்கே பிழைக்குது?

வரம்போரம்
தரம் 5, 6 பிள்ளைகளுக்கு வயலில் காலடி வைத்து சூரியக் குடும்பத்தை நடத்திக் காட்டினவர்கள் செய்முறையைச் சொல்லுங்கோ. காலபோகம் வெட்டின வயல், நீளம் ஏறக்குறைய 110 மீற்றர். பந்து, விதை எல்லாம் கிடைக்கும். தூரமும் பருமனும் ஒரே அளவுத்திட்டத்தில் வரவேண்டும். அதுதான் சிக்கலாக இருக்கு.

கிளி விஞ்ஞானம்
ஒரு காலடிக்கு ஒரு கோடி கிலோமீற்றர் என்று பிடியுங்கோ. கணக்கு லேசு. சூரியனில் இருந்து புதன் 6, வெள்ளி 11, பூமி 15, செவ்வாய் 23, வியாழன் 78, சனி 143, யுரேனஸ் 287, நெப்டியூன் 450.

பருமன் காலடியின் நீளத்தைப் பொறுத்தது. 20 மீற்றர் கயிறு போட்டு, பிள்ளையைச் சாதாரணமாக நடக்கவிட்டு எண்ணுங்கோ. 40 காலடி வந்தால் ஒரு காலடி அரை மீற்றர். இந்த வயதுப் பிள்ளைகள் பலருக்கு அந்த அளவுதான் வரும். அப்படியென்றால் சூரியன் 7 சென்ரிமீற்றர், ஒரு ரெனிஸ் பந்து போதும். வியாழன் ஒரு கடலை, சனி பெரிய மிளகு. யுரேனஸும் நெப்டியூனும் ஆளுக்கொரு கடுகு, கொஞ்சம் சின்னன்தான், பரவாயில்லை. பூமிக்கு விதை தேடி மினக்கெட வேண்டாம். அது ஒரு மில்லிமீற்றரிலும் குறைவு, மட்டையில் பேனை முனையால் வைக்கிற ஒரு புள்ளி. அதிலிருந்து 2 சென்ரிமீற்றர் தள்ளி அதைவிடச் சின்னப் புள்ளி ஒன்று வைத்தால் சந்திரன். மனிசர் இதுவரைக்கும் போய்க் கால் வைத்த தூரம் அந்த இரண்டு சென்ரிமீற்றர்தான்.

பிழைக்கிற இடம் நடக்கிற ஆள். ரீச்சர் 75 சென்ரிமீற்றர் காலடியில் போய்ப் பூமிக் கொடியை நட்டால், அதே இடத்துக்குப் பிள்ளைக்கு 22 காலடி வேணும். பிறகு 15 என்று படிப்பித்தது பொய்யாகிவிடும். ஒரே பிள்ளைதான் கடைசிவரை அளவுகாரன், மற்றவர்கள் எண்ணுகிறவர்கள். 50 காலடிக்கு ஒரு புளியங்கொட்டை சட்டைப்பைக்குள் போடச் சொல்லுங்கோ. நெப்டியூனில் 9 கொட்டை இருக்கவேண்டும். அடிக்கட்டை நிற்கிற வயலில் காலடி தானாகக் குறுகும். 450 காலடியில், ஒன்றுக்கு 2 சென்ரிமீற்றர் குறைந்தாலே 9 மீற்றர் போச்சு. அதனால் வரம்பிலோ வாய்க்கால் ஓர மண் றோட்டிலோ நடத்துவது நல்லது. 20 மீற்றர் கயிறும் அதே தரையில்தான் போடவேண்டும்.

பந்தும் பனையும்
110 மீற்றர் வயலுக்கு நெப்டியூன் 225 மீற்றரில் எப்படிச் சரிவரும்? கரை வந்ததும் திரும்பி நடந்து மிச்சத்தை எண்ணினால் போதுமே, எண்ணிக்கை மாறாது.

கிளி விஞ்ஞானம்
எண்ணிக்கை சரிதான், பந்தும் பனையும், ஆனால் பிள்ளை கண்ணால் பார்க்கிற படம் பிழைக்கும். 225 காலடியில் திரும்பினால் நெப்டியூன் வந்து சூரியனுக்கு மேலேயே நிற்கும்! யுரேனஸ் செவ்வாயையும் வியாழனையும் தாண்டி, சனிக்குப் பக்கத்தில் கிடக்கும். வெளிக்கோள்களின் வெறுமையைத்தான் காட்டப்போகிறோம், அதுவே மடிந்துபோனால் பிரயோசனமில்லை. சனியோடு நிறுத்துங்கோ, அது 72 மீற்றருக்குள் முடியும். மற்ற இரண்டுக்கும் தூரத்தில் தெரிகிற மரத்தையோ கோயில் கோபுரத்தையோ அடையாளம் காட்டலாம், அது எத்தனை காலடியில் வருகுது என்று முதலே அளந்திருந்தால்.

இன்னொன்று: நீளம் பத்தவில்லை என்று வயலைத் தாண்டிப் பற்றைக்குள் இறங்கவே வேண்டாம். ஆட்கள் ஒவ்வொரு போகமும் உழுது புழங்குகிற நிலம் மட்டும். கண்ணிவெடிப் பயம் இருக்கிற எங்கட பக்கத்தில் இதைச் சொல்லாமல் விடமுடியாது.

முல்லை அம்மா
நான் மகளோடு முற்றத்தில் நாடா வைத்துப் பார்த்தேன். பூமி 15 அடி என்றுதானே சொன்னீங்கள், 15 அடியில் தடி நட்டாச்சு. பந்து ரெனிஸ் பந்துதான். ஆனால் சூரியன் வானத்தில் தெரிகிறதைவிட இது பெரிதாகத் தெரியுதே, கணக்கில் பிழையோ?

கிளி விஞ்ஞானம்
அக்கா, நாடாவில் இருக்கிறது பன்னிரண்டு அங்குல அடி. நான் சொன்னது காலடி. 15 அடி என்றால் நாலரை மீற்றர்தான், வரவேண்டியது ஏழரை. குற்றம் சொல்லில் இருக்கு, உங்களில் இல்லை. இனி நானும் ஒவ்வொரு எண்ணோடும் "காலடி" என்று முழுசாகவே எழுதுறன்.

நீங்கள் கண்டது உண்மையில் நல்ல சோதனை. பூமியின் இடத்தில் நின்று பார்த்தால் பந்து, வானத்துச் சூரியனும் சந்திரனும் தெரிகிற அதே அளவில் தெரியவேண்டும். சூரியனைப் பார்க்கக்கூடாது, அதனால் சந்திரனை எடுங்கோ. பூரணை கழிந்து மூன்று நான்கு நாளில், காலை ஏழரைக்கும் மேற்கே நிற்கும். கோப்புத் துளைக்கிற பஞ்சரால் மட்டையில் ஒரு ஓட்டை போட்டு, கையை நீட்டிப் பிடித்து ஒற்றைக் கண்ணால் முதலில் சந்திரனைப் பார்க்கட்டும். ஓட்டைக்குள் கொஞ்ச இடம் மிச்சம் விட்டு அடங்கும். பிறகு அதே ஓட்டையால் பந்து. 15 காலடியில் அதுவும் அப்படியே அடங்கும். நாடாவின் 15 அடியிலோ பந்து ஓட்டையை நிரப்பிப் பிதுங்கும். ஓட்டையோடு ஒருவரும் சூரியன் பக்கம் திரும்பாமல் பார்த்துக்கொள்ளுங்கோ.

முல்லை அம்மா
ஓட்டை போட்டுப் பார்த்தாச்சு, பந்து அடங்கவில்லைதான். தடியைப் பிடுங்கி நகர்த்துறன்.

வாய்க்கால்
புளூட்டோவை விட்டுட்டீங்களே? என்னுடைய வகுப்பில் முதல் கேள்வியே அதுதான்.

கிளி விஞ்ஞானம்
2006 இல் கோள் பட்டியலில் இருந்து எடுத்துவிட்டார்கள், குறுங்கோள் என்று வைத்திருக்கிறார்கள். நடத்த வேணுமென்றால் சராசரி 590 காலடி. ஆனால் அதன் பாதை நீள்வட்டம், கிட்ட வந்தால் 443, தூரப் போனால் 737. 1979 தொடக்கம் 1999 வரை நெப்டியூனைவிட உள்ளேதான் இருந்தது. ஒரு கொடியில் அடக்குவதற்கு எனக்கு மனம் வரவில்லை.

வாய்க்கால்
நான் ஒளியின் வேகத்தில் நடக்கச் சொல்லுவன். 33 விநாடிக்கு ஒரு காலடி. மணிக்கூடு வைத்திருக்கிற பிள்ளை "வை" என்றால்தான் மற்றப் பிள்ளை கால் வைக்கலாம். பூமிக்கு 8 நிமிடம் 20 விநாடி பிடிக்கும். ஆறாம் காலடியிலேயே "சேர், ஓடலாமா?" என்று கேட்பார்கள். ஓடவிட்டால் ஒளியை முந்தினதாக ஆகிவிடும். நெப்டியூன் வரை போனால் நாலு மணித்தியாலம் தாண்டும், அதைச் சொல்லி விடுவதோடு சரி.

பந்தும் பனையும்
ஒன்று மட்டும் உறுத்துது. கொடிகளை நேர்வரிசையில் நட்டால், கோள்கள் வரிசையாக நிற்கின்றன என்றே பிள்ளைகள் எழுதுகிறார்கள். வட்டமாக நடத்த முடியாதா?

கிளி விஞ்ஞானம்
செவ்வாய் வரை முடியும். 23 காலடி ஆரை என்றால் குறுக்கே 46, 23 மீற்றர் அகலமுள்ள வயல் போதும். நடுவில் பந்து, நாலு கயிறு, நாலு பிள்ளைகள், ஒவ்வொருவரும் ஒவ்வொரு திசையில். பூமிப் பிள்ளையின் சுற்று 94 காலடி, மாதத்துக்கு எட்டுக் காலடி நகர்ந்தால் வருடம் முடிந்துவிடும். புதன் அதற்குள் நாலு சுற்றுச் சுற்றிக் களைத்துப்போகும், அதற்கு ஓடக்கூடிய பிள்ளையைப் போடுங்கோ. வியாழனுக்கு 78 மீற்றர் அகலம் வேணும், உங்கட வயல் அகலம் எவ்வளவு?

வரம்போரம்
40 மீற்றர். குறுக்கே ஒரு வாய்க்காலும் ஓடுது. உள்நாலையும் வட்டமாக வைத்துவிட்டு, வியாழனும் சனியும் வரம்பில் நேராகப் போகட்டும்.