கொங்கிறீட் கூரையில் விசிறிக் கொக்கி சுழல்கிறது: உதவி தேவை

கோண்டாவிலான்: அவசரம். கூரைக்குக் கொங்கிறீட் போட்டபோது கொக்கி வைக்க மறந்துவிட்டார்கள். இப்போது துளையிட்டு, விரியும் கொக்கி ஒன்றை அடித்தேன். நட்டை இறுக்க இறுக்கக் கொக்கியும் சேர்ந்து சுழல்கிறது. சீமெந்து குழைத்து அடைத்தால் நிற்குமா? நாளை அம்மா வருகிறார்.

சுன்னாகத்தார்: துளை எத்தனை மில்லிமீற்றர், கொக்கி எத்தனை, ஆழம் எவ்வளவு? ஒன்றும் சொல்லவில்லையே தம்பி.

மல்லிகை: எங்கள் விசிறியும் இரண்டாம் வேகத்தில் முனகுகிறது. ரெகுலேற்றரை மாற்றிப் பாருங்கள்.

கோண்டாவிலான்: விசிறி இன்னும் ஏறவேயில்லை அக்கா. கொக்கி உறை 12, துளை 14. வீட்டில் இருந்த ட்ரில் முனை அதுதான். ஆழம் ஒரு விரல் நீளம்.

நல்லூரான்: இதையெல்லாம் இங்கே பலமுறை எழுதியாயிற்று. தேடிப் படிக்கும் பழக்கம் யாருக்கும் இல்லை. எப்பொக்சி பிசினை ஊற்றிக் கொக்கியைச் செருகுங்கள், முடிந்தது.

பழைய மேசன்: தம்பி, 12 உறைக்கு 12 துளைதான். தளர்ந்த துளையில் உறை விரியுமுன்னே வழுக்கும். சீமெந்தால் அதை அடைப்பது கண்ணுக்குத்தான், பாரம் தாங்காது. இன்னொன்று, துளையிடும்போது தூள் எங்கே நிறம் மாறியது? பூச்சைக் கடந்து கொங்கிறீட்டில் இறங்கியதும் முனை மெல்லத்தான் போகும். கொக்கியின் விரியும் பகுதி பூச்சுக்குள் நின்றால் அது பிடியே அல்ல. பழைய துளையிலிருந்து அரை அடி தள்ளிப் புதிதாகப் போடுங்கள். மின்குழாய் ஓடும் பக்கம் வேண்டாம். முனை திடீரென நின்று பளபளப்புத் தெரிந்தால் கம்பி. அதை அறுக்காமல் இடம் மாறுங்கள். தூளை ஊதி வெளியேற்றிய பிறகே கொக்கியை அடியுங்கள்.

நல்லூரான்: பிசின் போதாது என்கிறீர்களா?

பழைய மேசன்: தலைக்கு மேல் ஓயாமல் தொங்கும் பாரத்தில் பிசின் மெல்ல மெல்ல இழுபடும். 2006இல் பொஸ்டன் சுரங்கப் பாதையில் கூரைப் பலகைகள் கார் மீது விழுந்து ஒரு பெண் இறந்தார். விரைவில் இறுகும் எப்பொக்சி நாளடைவில் இளகியதுதான் காரணம் என்று விசாரணையில் தெரிந்தது.

நல்லூரான்: அது பல தொன் எடை. ஐந்து கிலோ விசிறிக்குப் பொஸ்டனா? தலைக்கு மேல் தொங்கும் பாரத்துக்கென்றே பிசின்கள் விற்கிறார்கள்.

பழைய மேசன்: விற்கிறார்கள், சரி. நீங்கள் சொன்னது கடைப் பிசினை ஊற்றச் சொல்லித்தான்.

சுன்னாகத்தார்: கூரையைத் துளைத்து மேலே தட்டு வைத்து போல்ற் பூட்டுவதே உறுதி.

மல்லிகை: மாரியில் ஒழுகினால் யார் பார்ப்பது?

கோண்டாவிலான்: புதிய துளை போட்டேன். ஒரு அங்குலம் போனபின்தான் சாம்பல் தூள் வந்தது, அவ்வளவும் பூச்சு! நட்டு இப்போது இறுகுகிறது.

பழைய மேசன்: விசிறியை உடனே ஏற்றாதீர்கள். கொக்கியில் பென்சிலால் கோடிட்டு, அரை மூட்டை மணலை ஓர் இரவு தொங்கவிடுங்கள். காலையில் கோடு துளி இறங்கியிருந்தாலும் நம்பாதீர்கள். கொக்கியில் பூட்டும் போல்ற்றுக்குப் பிளவு ஊசி போட்டு இரு முனையையும் வளையுங்கள். அதிர்வில் நட்டு கழன்று வரும்.

நல்லூரான்: ஊசி தந்தால்தானே போட! இப்போதைய பெட்டிகளில் பாதியும் இருப்பதில்லை.

கோண்டாவிலான்: பெட்டியில் இருக்கிறது. மணல் தொங்குகிறது.