மலாயில் ஏன் இத்தனை செயப்பாட்டு வினை?

கிள்ளான்வாசி: வேலைக்காக மலேசியா வந்து மலாய் கற்றுக்கொண்டிருக்கிறேன். செய்தித்தாளைப் பிரித்தால் எங்கு பார்த்தாலும் ‘டி’யில் தொடங்கும் வினைதான்: டிபெலி, டிபாச்சா, டிபாவா. எல்லாம் செயப்பாட்டு வினை என்கிறார் சொல்லித்தருபவர். தமிழில் ‘மீன் அம்மாவால் வாங்கப்பட்டது’ என்று வீட்டில் யார் பேசுகிறார்கள்? ஒரு மொழிக்கு இது இவ்வளவு பிடிப்பதும் இன்னொன்றுக்குப் பிடிக்காமல் போவதும் எதனால்?

சேலம் மணி: பண்பாடுதான். மலாய்க்காரர்கள் ‘நான் செய்தேன்’ என்று மார்தட்டிக்கொள்ள மாட்டார்கள். செய்தவரைப் பின்னால் தள்ளிவிட்டு, நடந்ததை மட்டும் சொல்வார்கள். ஜப்பானியரும் அப்படியே. அடக்கமான சமூகத்தில் செயப்பாட்டு வினை பெருகும்.

செல்வி: மணி சார், ஜப்பானியரை விட்டுவிடுங்கள். மழையில் நனைந்தவர் அங்கே ‘அமே நி ஃபுராரேத்தா’ என்பார். ‘பெய்’ என்ற வினையையே செயப்பாட்டுக்குக் கொண்டுபோய், மழை என்னைப் படுத்திவிட்டது என்று புலம்புகிற வாக்கியம் அது. அடக்கத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

மலாய்க்கு வருவோம். ‘அம்மா மீன் வாங்கினார்’ என்பது ‘எமாக் மெம்பெலி இக்கான்’. இதிலிருந்து ‘அம்மா வாங்கிய மீன்’ என்று சொல்லிப் பாருங்கள். மீனை முன்னால் கொண்டுவந்து, அடுத்து ‘யாங்’ என்ற இணைப்புச் சொல்லைப் போட்டு, ‘இக்கான் யாங் எமாக் மெம்பெலி’ என்றால் செல்லாது. ‘மெம்பெலி’ என்று வினை நின்றால், யாங்குக்கு முன்னால் இருப்பவர் வாங்கியவராகத்தான் இருக்க வேண்டும். ‘ஓராங் யாங் மெம்பெலி இக்கான்’, மீன் வாங்கிய ஆள், அது சரி. மீனைப் பிடித்துப் பேச வேண்டுமா? முதலில் மீனை எழுவாய் ஆக்க வேண்டும்: ‘இக்கான் யாங் டிபெலி எமாக்’. ‘அம்மா எதை வாங்கினார்?’ என்று கேட்பதற்கும் இதே சுற்றுவழிதான். மடகாஸ்கரின் மலகாசி மொழி மலாய்க்குத் தூரத்து உறவு. அங்கே இந்த விதி இன்னும் கறார்.

தமிழில் ‘வாங்கிய’ ஒன்றே எல்லாவற்றுக்கும் போதும். மீன் வாங்கிய அம்மா, அம்மா வாங்கிய மீன், மீன் வாங்கிய கடை, மீன் வாங்கிய பை. வினை அசைந்தே கொடுக்கவில்லை. நமக்கு ‘வாங்கப்பட்ட’ எதற்கு?

தஞ்சைக் குமாஸ்தா: யார் சொன்னது தமிழில் இல்லையென்று? எங்கள் அலுவலகத்தில் ஒரு கடிதம் ‘தெரிவிக்கப்படுகிறது’ இல்லாமல் வெளியே போகாது. ‘பரிசீலிக்கப்பட்டு நிராகரிக்கப்பட்டது’ என்று எழுதினால், யார் நிராகரித்தது என்று யாரும் கேட்க முடியாது. வசதியான இலக்கணம்! இதை ஒழிப்பது எப்படி என்பதைத்தான் முதலில் பேச வேண்டும்.

செல்வி: அது ஆங்கிலக் கோப்பைப் பார்த்து வளர்ந்த நடை, ஐயா. அந்தக் கடிதத்தை எழுதுகிறவரே மதியம் டீக்கடையில் ‘தள்ளிவிட்டுட்டாங்க’ என்பார். செய்தவர் பெயர் அதிலும் இல்லை, கவனியுங்கள்.

பழந்தமிழ்ப் பாண்டியன்: ஆங்கிலம் வருவதற்கு முன்பே நம்மிடம் இருந்தது. ‘கட்டுண்டான்’, ‘கொலையுண்டான்’ எல்லாம் என்ன? செயப்படுபொருளையே செய்தது போலச் சொல்வதும் வழக்கு என்று தொல்காப்பியம் விதி வைத்திருக்கிறது. ‘திண்ணை மெழுகிற்று’ என்று உரையாசிரியர்கள் உதாரணம் காட்டுகிறார்கள். திண்ணையா மெழுகும்?

செல்வி: அருமையான உதாரணம், பாண்டியன் ஐயா. ஆனால் அதில் ‘படு’ இல்லையே! செய்தவரைச் சொல்லாமல் விடத் தமிழுக்கு வேறு கதவுகள் உண்டு என்பதைத்தான் அது காட்டுகிறது. ‘கண்ணாடி உடைந்தது, சட்டை கிழிந்தது’ என்கிறோம். உடைத்தவர் வேண்டுமென்றால் ‘உடைத்தான்’. இப்படி ஜோடி ஜோடியாக வினைகள் இருக்கும்போது ‘உடைக்கப்பட்டது’க்கு என்ன வேலை மிச்சம்?

ரவாங் லதா: என் மகளின் மலாய்த் தேர்வுத் தாளைச் சொல்கிறேன். ‘இக்கான் இத்து டிபெலி ஓலே சாயா’ என்று எழுதியிருந்தாள். ‘அந்த மீன் என்னால் வாங்கப்பட்டது’ என்ற நினைப்பில். தப்பு என்று சுழித்துவிட்டார்கள். ‘நான்’, ‘நீ’ வந்தால் ‘டி’ போடக்கூடாதாம். ‘இக்கான் இத்து சாயா பெலி’ என்று வெறும் வினையாக வர வேண்டுமாம். அடுத்த வாக்கியத்தில் ‘ஏற்கெனவே’ என்பதற்கான ‘சூடா’வைச் சேர்த்து ‘சாயா சூடா பெலி’ என்று எழுதியதற்கும் மதிப்பெண் போச்சு. ‘சூடா சாயா பெலி’ என்று இருக்க வேண்டும், ‘சாயா’வுக்கும் ‘பெலி’க்கும் நடுவில் எதுவும் நுழையக்கூடாது என்கிறார் ஆசிரியை. இதையும் செயப்பாட்டு என்றுதான் பாடநூல் சொல்கிறது. எனக்குத் தலை சுற்றுகிறது.

செல்வி: ஆசிரியை சொன்னது சரி, லதாக்கா. அந்த ‘சாயா’ எழுவாய் இல்லை, வினையோடு ஒட்டிக்கொண்ட செய்பவர். அதனால்தான் ‘சூடா’ இரண்டுக்கும் வெளியே போகிறது. ஆனால் செய்பவர் ஓரங்கட்டப்படவே இல்லையே, இதைச் செயப்பாட்டு என்று சொல்லலாமா என்பதில் ஆய்வாளர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து கிடையாது.

சேலம் மணி: சரிம்மா, பெயரெச்சத்துக்குக் கட்டாயம், ஒப்புக்கொள்கிறேன். சாதாரண வாக்கியத்தில்? இந்தோனேசியாவில் விருந்தாளியிடம் ‘சிலாக்கான் டிமாக்கான்’ என்கிறார்கள். ‘சாப்பிடு’ என்று நேரே ஏவாமல் ‘உண்ணப்படட்டும்’ என்பது போல. இது மரியாதை இல்லாமல் வேறென்ன?

செல்வி: மரியாதைதான். கருவி கையில் இருந்தால் அதை மரியாதைக்கும் பயன்படுத்துவார்கள். அந்தக் கருவி ஏன் எப்போதும் கையிலேயே இருக்கிறது என்பதுதான் கேள்வி. தமிழில் ‘மீனை அம்மா வாங்கிட்டாங்க’ என்று மீனை முன்னால் வைக்கலாம். ‘ஐ’ இருப்பதால் குழப்பம் வராது. மலாயில் வேற்றுமை உருபு இல்லை. ஏற்கெனவே பேசிக்கொண்டிருக்கும் பொருளை முன்னால் வைக்க நினைத்தால், அது செய்ததாக வந்ததா, பட்டதாக வந்ததா என்று வினைதான் காட்ட வேண்டும்.

பண்பாட்டுக் கணக்கு எனக்கு ஒத்துவராததற்கு இன்னொரு காரணம் முன்ஷி அப்துல்லா. மலாக்காக்காரர், தமிழ் வழிவந்த குடும்பம், சிறுவயதில் தமிழும் படித்தவர். 1849இல் அச்சான அவருடைய தன்வரலாற்றில், அடுத்தடுத்து நடப்பவற்றைச் சொல்லும்போது ‘டி...ஞா’ வரிசையாக வரும். ‘டிபாச்சாஞா’ என்றால் அவரால் வாசிக்கப்பட்டது. பரபரவென்று கதை நகரும் இடம் அது, பணிவு காட்டும் இடம் இல்லை. அந்தப் பழக்கம் இன்றைய மலாய் உரைநடையில் வெகுவாகக் குறைந்துவிட்டது. அதற்காக மலாய்க்காரர்களின் பணிவும் குறைந்துவிட்டது என்பீர்களா?

ரவாங் லதா: ஒன்று கேட்கிறேன். இங்கே மார்க்கெட்டில் ‘இக்கான் யாங் எமாக் பெலி’ என்றுதான் சாதாரணமாகப் பேசுகிறார்கள். ‘டி’யே இல்லை. அப்புறம் கட்டாயம் எங்கே போனது?

செல்வி: ‘மெம்’மும் இல்லை, பாருங்கள். மார்க்கெட்டில்கூட ‘இக்கான் யாங் எமாக் மெம்பெலி’ என்று யாரும் சொல்ல மாட்டார்கள். தடை அந்த ‘மெம்’மில்தான் இருக்கிறது.

சேலம் மணி: அப்படியானால் கட்டாயம் ‘மெம்’மைக் கழற்றுவதோடு முடிந்தது. வெறும் ‘பெலி’யே போதும் என்கிறபோது செய்தித்தாள் ஏன் ‘டிபெலி’யைத் தேடிப் போகிறது? அதற்கு உங்கள் இலக்கணத்தில் பதில் இல்லை.

செல்வி: பாதி இருக்கிறது. வாங்கியவரைச் சொல்லாமல் விட வெறும் ‘பெலி’யால் முடியாது, ‘டி’ வேண்டும். ‘உடைந்தது’ மாதிரி ஜோடி அங்கே எல்லா வினைக்கும் கிடையாது. வாங்கியவர் பெயரையும் போட்டு ‘டி’யும் போடுகிறார்களே, அதில் எவ்வளவு பள்ளிக்கூடப் பழக்கம், எவ்வளவு தேவை என்று பிரிக்க எனக்கு வழி தெரியவில்லை.

கிள்ளான்வாசி: அப்போது ‘டெர்’? ‘டெர்பெலி’ என்றும் ஒன்று இருக்கிறது. நாளைய பாடம் அதுதானாம்.