சராசரி 40 விநாடிதான், ஆனாலும் சட்டை லைனில் 420-ஐத் தாண்ட முடியவில்லை

லைன் சூப்பர்வைசர்:
வணக்கம். முழுக்கை சட்டை லைன், 30 டெய்லர்கள். ஓய்வு நேரம் போக 480 நிமிட வேலை, டார்கெட் 600 சட்டை, அதனால் ஒரு சட்டைக்குக் கிடைக்கும் நேரம், அதாவது டாக்ட் டைம், 48 விநாடி. எல்லா ஆபரேஷனையும் கூட்டினால் ஒரு சட்டைக்கு 1200 விநாடி, ஆளுக்குச் சராசரி 40. கணக்குப்படி 600 வந்தாக வேண்டும், 420தான் வருகிறது. காலர் அட்டாச் முன்னால் பண்டில் குவிகிறது, அதற்குப் பிறகு இருப்பவர்கள் பீஸுக்காகக் காத்திருக்கிறார்கள்.

துணி_நூல்:
பண்டிலில் 20 பீஸ் கட்டினால் குவியத்தான் செய்யும். எங்கள் லைனில் 10 ஆக்கியதும் குவியல் குறைந்தது.

லைன் சூப்பர்வைசர்:
குவியல் குறையலாம் சார், ஆனால் என் பிரச்சினை அவுட்புட்.

பழைய ஐ.இ.:
சராசரியை விடுங்கள். காலர் அட்டாச், காலர் க்ளோசிங், கஃப் அட்டாச் மூன்றுக்கும் ஸ்டாப்வாட்ச் நேரம் எவ்வளவு?

லைன் சூப்பர்வைசர்:
68, 58, 62. ஒவ்வொன்றுக்கும் ஒரே ஆள்.

பழைய ஐ.இ.:
28,800 விநாடியை 68-ஆல் வகுத்தால் 423. உங்கள் 420 அங்கேதான் நிற்கிறது. மற்றவர்கள் எவ்வளவு வேகமாகத் தைத்தாலும் காலரைத் தாண்டி வராது.

மோகன்:
அப்போ காலர் அட்டாச்சுக்கு இன்னொரு ஆள் போட்டால் முடிந்தது.

பழைய ஐ.இ.:
பாதி சரி, தம்பி. காலர் அட்டாச் 34 விநாடிக்கு இறங்கும், லைன் உடனே கஃப்பில் 62-இல் மாட்டும், 464தான் வரும். அந்தக் கூடுதல் ஆளுக்கும் முழு வேலை இருக்காது. அவரை அட்டாச், க்ளோசிங் இரண்டுக்கும் பொதுவாக வையுங்கள். மூன்று பேருக்கு 126 விநாடி, தலைக்கு 42. இரண்டும் ஒரே சிங்கிள் நீடில் மெஷின்தான். மணிக்கு 75 வேண்டும். அட்டாச் ஆள் 52 முடிப்பார், மீதி 23 இவருக்கு. க்ளோசிங் ஆள் 62, மீதி 13-உம் இவருக்கே. இவருக்கு மணிக்கு மொத்தம் சுமார் 39 நிமிட வேலை.

ஆளை வெளியே தேட வேண்டாம். பாக்கெட் ஹெம், லேபிள் அட்டாச் எவ்வளவு?

லைன் சூப்பர்வைசர்:
18, 20. இரண்டு பேர்.

பழைய ஐ.இ.:
சேர்த்தால் 38, ஒரே ஆள் போதும். இரண்டுமே அசெம்ப்ளிக்கு முன்னால் வருவதால் பீஸ் பின்னோக்கி ஓடாது. விடுபடுபவர் காலருக்குப் போகட்டும்.

மோகன்:
பாக்கெட் ஹெம் தைத்தவர் காலர் தைத்துவிடுவாரா அண்ணா?

பழைய ஐ.இ.:
உடனே முடியாது. காலர் தெரிந்த ஆளை லைனுக்குள்ளேயே தேடி, அவர் இடத்துக்கு இவரை அனுப்ப வேண்டும். இரண்டு கைகள் காலர் வைப்பதால் பண்டில் எண் கலந்துவிடாமல் பாருங்கள், ஒரே சட்டையில் துணி ஷேடு மாறிவிடும்.

லைன் சூப்பர்வைசர்:
கஃப்புக்கு? பாட்டம் ஹெம் 30 விநாடி, அந்த ஆள் காலியாகத்தான் இருக்கிறார்.

பழைய ஐ.இ.:
சைடு சீம் முடிந்ததும் இரண்டில் எதை முதலில் தைத்தாலும் சரிதான். 92 விநாடி, இரண்டு பேர், தலைக்கு 46. ஆனால் ஹெம் மெஷினில் துணியை மடித்துக் கொடுக்கும் ஃபோல்டர் இருக்கும், கஃப்புக்குப் பக்கத்தில் தனி மெஷின் வேண்டும். 48-க்கு 2 விநாடிதான் இடைவெளி, நூல் அறுந்தால் அதுவும் போய்விடும். அதனால் தினமும் 600 வரும் என்று இப்போதைக்கு மேலே சொல்லாதீர்கள். கஃப் நேரம் 62-இல் எவ்வளவு பீஸை எடுத்துத் திருப்பி வைக்கவே போகிறது என்று தனியாக அளந்து போடுங்கள், பார்க்கலாம்.