இரண்டு லேண்ட் கை: வைத்துக்கொள்வதா, மல்லிகன் எடுப்பதா?

கரிசல்காடு

மேஜிக் அரீனாவில் ஆறு மாதமாக ஆடுகிறேன். பயனீர் ஃபார்மட், கறுப்பு-சிவப்பு டெக், 60 சீட்டில் 24 லேண்ட். வைல்டு கார்டு தட்டுப்பாடு என்பதால் இரட்டை நிற லேண்ட் 8தான் இருக்கிறது. மீதி 8 ஸ்வாம்ப், 8 மவுண்டன்.

இதுவரை என் விதி ஒன்றே ஒன்றுதான்: கையில் 2 முதல் 5 லேண்ட் இருந்தால் வைத்துக்கொள், இல்லையென்றால் மல்லிகன். போன மாதம் ஒரு நோட்டில் குறித்துப் பார்த்தேன். 2 லேண்ட் கையை வைத்த ஆட்டங்கள் 16, அதில் தோற்றது 11. மூன்றாவது லேண்ட் வராமல் உட்கார்ந்திருந்ததுதான் பெரும்பாலும் காரணம்.

இரண்டு கைகளை அப்படியே எழுதுகிறேன். இரண்டிலும் நான்தான் முதலில் ஆடினேன், இரண்டையும் வைத்துக்கொண்டேன், இரண்டிலும் தோற்றேன்.

கை அ: ப்ளட் கிரிப்ட், ஸ்வாம்ப், தாட்சீஸ், ஃபேட்டல் புஷ், ப்ளட்டைத் ஹார்வெஸ்டர், ஃபேபிள், ஷியோல்ட்ரெட்.

கை ஆ: மவுண்டன், மவுண்டன், தாட்சீஸ், ஃபேட்டல் புஷ் இரண்டு, ஷியோல்ட்ரெட் இரண்டு.

இனிமேல் 2 லேண்ட் வந்தாலே மல்லிகன் எடுத்துவிடலாமா? இல்லை, 26 லேண்ட் போடலாமா?

மின்னல்3

இதற்கு ஏன் இவ்வளவு யோசனை? முதலில் ஆடினால் 2 லேண்ட் கையைத் தூக்கிப் போடுங்கள், இரண்டாவதாக ஆடினால் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் ஆடுபவருக்கு முதல் டர்னில் சீட்டு கிடையாது, வித்தியாசமே அந்த ஒரு சீட்டில்தான். நான் மூன்று வருடமாக இப்படித்தான் செய்கிறேன்.

நீலமலை

அரீனாவில் ஷஃபிளே சரியில்லை. நானும் கவனித்திருக்கிறேன், 2 லேண்ட் வைத்தால் மூன்றாவது வராது. 24 போட்டாலும் 26 போட்டாலும் அதே கதைதான்.

பொடியன்

முதலில் இந்த இழையே எனக்குப் புரியவில்லை. மல்லிகன் எடுப்பதா வேண்டாமா என்று யோசிக்க உங்களுக்கு உரிமை இருக்கிறதா? போக்கிமானில் 7 சீட்டில் பேசிக் போக்கிமான் ஒன்றுகூட இல்லையென்றால் காட்டிவிட்டு மறுபடி கலைக்க வேண்டும், இருந்தால் கை எவ்வளவு மோசமானாலும் ஆடித்தான் ஆக வேண்டும். எதிராளிக்கு வேறு கூடுதலாக ஒரு சீட்டு எடுக்கலாம். நேற்று நான்கு தடவை கலைத்தேன், எதிரே இருந்தவன் கையில் சீட்டுக்கட்டே இருந்தது.

பழையசீட்டு

பொடியன், அது வேறு விளையாட்டு. ஏழு சீட்டும் மல்லிகன் என்ற பெயரும்தான் பொது. மேஜிக்கில் கை பிடிக்கவில்லையென்றால் எந்தக் காரணமும் சொல்லாமல் கலைக்கலாம். விலை ஒரு சீட்டு.

கரிசல்காடு, நீங்கள் எழுதிய இரண்டு கையையும் ஒரே பெட்டியில் போட்டதுதான் தவறு. அ கையை வைத்தது சரி. ஆ கையை வைத்திருக்கவே கூடாது. இரண்டிலும் 2 லேண்ட் என்பது மட்டும்தான் ஒற்றுமை.

கணக்கை முதலில் முடித்துவிடுகிறேன். 2 லேண்ட் கையில் வந்துவிட்டால் மிச்சம் 53 சீட்டில் 22 லேண்ட். முதலில் ஆடினால் மூன்றாவது டர்னுக்குள் இரண்டு சீட்டு எடுப்பீர்கள். அதில் ஒரு லேண்டாவது வர 66 சதவீதம். இரண்டாவதாக ஆடினால் மூன்று சீட்டு, 81 சதவீதம். அதாவது முதலில் ஆடும்போது மூன்றில் ஒரு தடவை மாட்டிக்கொள்வீர்கள், இரண்டாவதாக ஆடும்போது ஐந்தில் ஒரு தடவை. மின்னல்3 சொல்வதில் இந்தப் பாதி உண்மை.

ஆனால் மாட்டிக்கொண்டால் என்ன ஆகிறது என்பது கையைப் பொறுத்தது. அ கையில் லேண்ட் வராவிட்டாலும் முதல் டர்னில் தாட்சீஸ், இரண்டாவதில் ஹார்வெஸ்டர், மூன்றாவதில் புஷ் போட்டுவிட்டு இன்னொரு மானாவை ஹார்வெஸ்டர் தந்த ப்ளட் டோக்கனில் செலவழித்து, ஷியோல்ட்ரெடைத் தூக்கிப் போட்டுப் புதுச் சீட்டு எடுக்கலாம். லேண்ட் தேடும் வேலையையும் அந்தக் கையே செய்கிறது. இரண்டு நிறமும் இருக்கிறது. நீங்கள் அந்த மூன்றில் ஒன்றில் சிக்கினீர்கள், அவ்வளவுதான்.

ஆ கையைப் பாருங்கள். மவுண்டன் இரண்டும் சிவப்பு, ஐந்து ஸ்பெல்லும் கறுப்பு. மூன்றாவது லேண்டாக இன்னொரு மவுண்டன் வந்தாலும் ஒன்றும் போட முடியாது. உங்களுக்குத் தேவை வெறும் லேண்ட் இல்லை, கறுப்பு தரும் லேண்ட். டெக்கில் அப்படிப்பட்டவை 16, எல்லாம் இன்னும் கட்டில்தான் இருக்கின்றன. மூன்றாவது டர்னிலும் அவற்றில் ஒன்றுகூட வராமல் போக 48 சதவீதம். கிட்டத்தட்ட நாணயம் சுண்டுவதுதான். வந்தாலும் மூன்றாவது டர்ன் தாட்சீஸ் என்பது பந்தி முடிந்த பிறகு இலை போடுவது மாதிரி. ஷியோல்ட்ரெடுக்கோ நான்கு லேண்டும் அதில் இரண்டு கறுப்பும் வேண்டும்.

கரிசல்காடு

அப்படிப் பார்க்கவே இல்லை. லேண்டை எண்ணுவேன், நிறத்தைப் பார்ப்பேன், ஆனால் 'புஷ் இருக்கிறதே, தாட்சீஸ் இருக்கிறதே' என்று மனம் சொல்லிவிடும்.

ஆனாலும் 16ல் 11 தோல்வி என்பது அதிகம் இல்லையா?

பழையசீட்டு

அந்த 16ல் எத்தனை தடவை நீங்கள் முதலில் ஆடினீர்கள்?

கரிசல்காடு

அதைத் தனியாகக் குறிக்கவில்லை. ஆனால் எதிராளி முதல் டர்னில் என்ன போட்டார் என்று எழுதியிருந்ததால் கண்டுபிடிக்க முடிந்தது. முதலில் ஆடியது 9, அதில் தோல்வி 8. இரண்டாவதாக ஆடியது 7, தோல்வி 3.

மின்னல்3

நான் என்ன சொன்னேன்.

பழையசீட்டு

16 ஆட்டத்தை வைத்து யாரும் எதுவும் நிரூபிக்க முடியாது. திசை மட்டும் சரியாகக் காட்டுகிறது. முதலில் ஆடிய அந்த 9 கைகளில் எத்தனை ஆ மாதிரி, எத்தனை அ மாதிரி என்று பிரித்துப் பாருங்கள். நோட்டில் இருக்கும்.

2 லேண்டை மொத்தமாக ஒதுக்குவதில் இருக்கும் சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். 24 லேண்ட் டெக்கில் 7 சீட்டு எடுத்தால் சரியாக 2 லேண்ட் வர 27 சதவீதம். 0, 1, 6, 7 லேண்ட் கைகள் சேர்ந்து ஏறக்குறைய 16. இரண்டையும் கூட்டினால் ஐந்து ஆட்டத்தில் இரண்டு ஆட்டத்தை ஆறு சீட்டோடு தொடங்குவீர்கள். அது தாங்காது. முதலில் ஆடும்போது மட்டும் ஒதுக்கினாலும் அ மாதிரிக் கைகளை வீணாக்குவீர்கள். 26 லேண்ட் போட்டால் வேறு வியாதி, ஆறாவது டர்னில் கை முழுக்க லேண்ட். பணம் சேர்ந்தால், அதாவது வைல்டு கார்டு சேர்ந்தால், மவுண்டனைக் குறைத்து இரட்டை லேண்ட் கூட்டுங்கள். ஆ கை போன்றவை தானாகக் குறையும்.

நீலமலை சொன்னதில் ஒரு சின்ன விஷயம் இருக்கிறது. ஒற்றை ஆட்டப் போட்டியில் அரீனா தொடக்கக் கையை ஒன்றுக்கு மேல் உருவாக்கி, டெக்கின் லேண்ட் விகிதத்துக்கு நெருக்கமானதைத் தரப் பார்க்கும். அதனால் அங்கே மேலே சொன்ன 27, 16 அப்படியே பொருந்தாது, மோசமான கை குறைவாக வரும். ஆனால் கை வந்தபின் மிச்சக் கட்டுக்கு அந்தச் சலுகை கிடையாது. 53ல் 22 என்ற கணக்கு மாறாது.

நீலமலை

அப்போ முதல் கையில் ஏமாற்றுகிறது என்று ஒத்துக்கொள்கிறீர்கள்.

பழையசீட்டு

உங்களுக்குச் சாதகமாக ஏமாற்றுகிறது. எதிராளிக்கும் அப்படியே.

கரிசல்காடு

நோட்டைப் பிரித்தேன். அந்த 9ல் 5 கை ஆ ரகம். வெட்கமாக இருக்கிறது.

அடுத்த சந்தேகம். மல்லிகன் எடுத்தாலும் தோற்கிறேன். எடுத்தபின் எந்தச் சீட்டை அடியில் வைப்பது? நேற்று ஆறு சீட்டுக் கை. மறுபடி 7 எடுத்ததில் வந்தது: லேண்ட் 4, இரண்டு நிறமும் உண்டு, கூடவே புஷ், ஹார்வெஸ்டர், ஷியோல்ட்ரெட். நான்தான் முதலில். லேண்ட் அதிகமாகிவிடுமோ என்று ஒரு லேண்டை அடியில் வைத்தேன். நான்காவது லேண்ட் வரவே இல்லை, ஷியோல்ட்ரெட் கையிலேயே செத்தது.

பழையசீட்டு

ஆறு சீட்டு என்றதும் பயப்படாதீர்கள். 2019ல் லண்டன் மல்லிகன் வந்தபின் ஆறு சீட்டு என்பது எதேச்சையாக வந்த ஆறு இல்லை. ஏழைப் பார்த்து, வேண்டாத ஒன்றைக் கழித்த ஆறு. முந்தைய முறையில் ஆறுதான் எடுப்போம், மேலே ஒரு சீட்டை எட்டிப் பார்ப்போம், அவ்வளவே. இப்போது அந்த ஏழில் 3 அல்லது 4 லேண்ட் இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. 5 வந்தாலும் ஒரு லேண்டைக் கழித்து ஆடலாம்.

உங்கள் கையில் நான் புஷ்ஷை அடியில் வைத்திருப்பேன். எதிராளி யாரென்று தெரியாத முதல் ஆட்டத்தில் ஆறு சீட்டோடு ஜெயிக்க வேண்டுமென்றால் ஹார்வெஸ்டரும் ஷியோல்ட்ரெடும் மேசைக்கு வர வேண்டும். 3 லேண்டோடு இருந்தால் நான்காவது டர்னுக்குள் நான்காவது லேண்ட் வர 77 சதவீதம். 4 லேண்ட் வைத்தால் அந்தக் கேள்வியே எழாது. லேண்ட் மிஞ்சினால் ப்ளட் டோக்கனில் தூக்கிப் போடலாம்.

மின்னல்3

இதை ஒத்துக்க மாட்டேன். 77 சதவீதம் போதும், புஷ்ஷை விடவே கூடாது. ராங்க் ஆட்டத்தில் பாதிப் பேர் முதல் டர்னில் ஒரு பிராணியை இறக்கிவிடுகிறார்கள். ஹார்வெஸ்டர் வரும்வரை நீங்கள் அடி வாங்கிக்கொண்டிருப்பீர்கள். லேண்டைக் கழித்தது சரி, வராதது துரதிர்ஷ்டம்.

பழையசீட்டு

எதிரே சிவப்பு டெக் என்று தெரிந்தால் நானும் புஷ்ஷை வைத்து ஷியோல்ட்ரெடைக் கழிப்பேன். தெரியாத நிலையில் மாட்டேன். இதில் நல்ல ஆட்டக்காரர்களே இரண்டு பக்கமும் நிற்பார்கள்.

கரிசல்காடு

சரி, இருவருக்கும் நன்றி. இப்போது கையைப் பார்த்ததும் மூன்றாவது லேண்ட் வராவிட்டால் இதில் எத்தனை சீட்டை ஆட முடியும் என்று விரல்விட்டு எண்ணுகிறேன். இரண்டுக்குக் குறைந்தால் மல்லிகன்.

இன்று காலை முதலில் ஆடும்போது ஸ்வாம்ப், மவுண்டன், புஷ், தாட்சீஸ், ஹார்வெஸ்டர் இரண்டு, ஃபேபிள் வந்தது, வைத்தேன். மூன்றாவது லேண்ட் ஐந்தாவது டர்னில்தான் வந்தது. தோற்றேன். ஆனால் எதிராளிக்கு 3 உயிர்தான் மிச்சம்.

இன்னொன்று: ஐந்து சீட்டுவரை இறங்கும் நிலை வந்தால், 1 லேண்டும் நான்கு ஒரு மானா ஸ்பெல்லும் இருக்கும் கையை இரண்டாவதாக ஆடும்போது வைக்கலாமா?

மின்னல்3

வைக்கலாம்.

பழையசீட்டு

எந்த நான்கு என்று எழுதுங்கள்.