பழைய 3080 ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். மைனிங்கில் ஓடினதா என்று எப்படிக் கண்டுபிடிக்கிறது?

தென்மராட்சி வீடியோ

வணக்கம். நான் சாவகச்சேரியில் கலியாண வீட்டு வீடியோ எடிட் செய்து கொடுக்கிறேன். என்னிடம் இப்ப இருப்பது 4 ஜிபி 1650. 4கே கிளிப்களை DaVinci Resolve-இல் போட்டு நொய்ஸ் ரிடக்ஷன் கொடுத்தால் உடனே `GPU memory is full` என்று நிற்கிறது. புதுக் கார்ட் வாங்குகிற அளவுக்குக் கையில் காசு இல்லை.

திருநெல்வேலியில் ஒருவர் ஆர்டிஎக்ஸ் 3080, 10 ஜிபி, மூன்று ஃபேன் உள்ளது, 115,000 ரூபாய் சொல்கிறார். கொழும்பில் தெரிந்தவரிடம் வாங்கியதாம், கேம் மட்டும்தான் விளையாடினதாம். பில் இல்லை. ஒரு கிழமை செக்கிங் வொறன்ரி தருவாராம். ஞாயிறு பின்னேரம் அவர் வீட்டுக்குப் போய்ப் பார்க்கப் போகிறேன். போனால் என்னத்தை எல்லாம் பார்க்க வேண்டும்? மைனிங் கார்ட் என்றால் வெளியில் பார்த்துச் சொல்ல முடியுமா?

நல்லூர் கேமர்

3080 என்றாலே மைனிங்தான் ப்ரோ. இரவு பகலாக ஓட்டி சிப் செத்திருக்கும், பேர்ஃபோமன்ஸும் குறைந்திருக்கும். தொடாதீங்கோ. பார்க்கத்தான் வேண்டும் என்றால் FurMark பத்து நிமிடம் போடுங்கோ, படம் உடையாமல் ஓடினால் ஓகே.

கொக்குவில் ரிப்பெயர்

நல்லூர் தம்பி சொல்வதில் பாதி சரி. அந்தக் காலத்து 3080 நிறைய மைனிங்கில் ஓடியது உண்மை. எதீரியம் 2022 செப்டெம்பர் 15 அன்று மைனிங் முறையையே விட்டதும், அதுவரை ஓடிய கார்ட்கள் கட்டுக்கட்டாகச் சந்தைக்கு வந்தன. ஆனால் முதலில் சாகிறது சிப் இல்லை. மைனிங் செய்கிறவர் கரண்ட் பில்லைப் பார்த்து கோரின் பவரைக் குறைத்துத்தான் வைப்பார். 320 வாட்ஸ் குடிக்கிற 3080-ஐ 230 வாட்ஸுக்குப் பக்கத்தில் ஓட்டுவார்கள். அதனால் கோர் கேம் விளையாடுவதை விடக் குளிராகவே இருந்திருக்கும். வேகம் குறைகிறது என்றால் அதுவும் சிப் தேய்ந்து இல்லை, எங்கேயோ சூடு ஏறி அது தன்னைத்தானே இறக்கிக்கொள்கிறது என்று அர்த்தம்.

வதைபடுகிறது மெமரி. எதீரியம் மைனிங் முழுக்க மெமரி வேகத்தில் நடக்கிற வேலை, ஆகவே மெமரியை ஓவர்குளொக் பண்ணித்தான் விடுவார்கள். 3080-இல் இருக்கிற ஜிடிடிஆர்6எக்ஸ் இயல்பிலேயே சூடான சாதி. மெமரிக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவில் இருக்கிற தேர்மல் பேட், மாதக்கணக்கில் 100 டிகிரிக்கு மேல் கிடந்தால் எண்ணெய் கசிந்து காய்ந்துபோகும். இரண்டாவது ஃபேன். 24 மணி நேரமும் சுற்றினால் பெயாரிங் போய்விடும். நீங்கள் தேட வேண்டியது இந்த இரண்டையும்தான்.

வெளியில் பார்க்கும்போது கார்ட்டைச் சரித்துப் பிடித்து, போன் ரோர்ச் அடித்து, ஹீட்சிங்குக்கும் பிசிபிக்கும் நடுவில் பாருங்கோ. மெமரி சிப்களைச் சுற்றி ஈரமாகப் பளபளவென்று எண்ணெய்ப் படலம் இருந்தால், நெடுநாள் சூட்டில் கிடந்த கார்ட் என்று எடுத்துக்கொள்ளலாம். கேம் மட்டும் விளையாடின கார்ட்டிலும் கொஞ்சம் கசியும், ஆனால் விளிம்பு வரை ஓடி நிற்காது. பிறகு கரண்ட் இல்லாமல் ஒவ்வொரு ஃபேனையும் விரலால் மெல்லச் சுற்றி விடுங்கோ. மூன்றும் ஒரே மாதிரிச் சுற்றி நிற்க வேண்டும். ஒன்று சட்டென்று நின்றாலோ, இதழ் மேலும் கீழும் ஆடினாலோ பெயாரிங் போய்விட்டது. ஒன்று மட்டும் புதுசாக, நிறம் வேறாக இருந்தால் ஏன் மாற்றினது என்று கேளுங்கோ.

வடமராட்சிக் காற்று

எனக்கும் இதே பிரச்சினைதான் அண்ணை. போன மாதம் ஆர்எக்ஸ் 580 ஒன்று வாங்கினேன். டிரைவர் போட்டால் `Code 43` என்று வருகிறது, படம் மட்டும் தெரிகிறது. பின்னுக்கு இருக்கிற தகடு எல்லாம் கறள். இதுவும் மைனிங் கார்ட்தானா?

கொக்குவில் ரிப்பெயர்

உங்களுடையது வேறு கதை தம்பி. 580 மாதிரிக் கார்ட்களில் மைனிங்குக்காக மெமரி டைமிங்கை மாற்றி பயோஸையே திருத்தி எழுதுவார்கள். திருத்தின பயோஸை ஏஎம்டி டிரைவர் ஏற்காது, அதனால்தான் 43. மேல் விளிம்பில் சின்ன சுவிட்ச் ஒன்று இருக்கிறதா என்று பாருங்கோ. இருந்தால் கணினியை நிறுத்திவிட்டு மற்றப் பக்கம் தள்ளிப் பாருங்கோ, அங்கே பழைய பயோஸ் இருக்கக்கூடும். இல்லாவிட்டால் அதே மொடலின் அசல் பயோஸை எழுத வேண்டும். தனி இழை ஒன்று போடுங்கோ, அங்கே வருகிறேன்.

கறளை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. பருத்தித்துறைக் கடல்காற்றுக்கு இரண்டு வருடம் கேசிங் திறந்து கிடந்தாலே தகடு கறள் பிடிக்கும். தங்கநிறப் பின்களில் பச்சை பூத்திருந்தால் மட்டும் யோசிக்க வேண்டும்.

தென்மராட்சி வீடியோ

நன்றி அண்ணை. அப்ப சோதனைக்கு FurMark போதுமா? என்னிடம் 650 வாட்ஸ் பவர் சப்ளை இருக்கிறது. அவர் வீட்டில் ஓட்டிக் காட்டுவாராம்.

கொக்குவில் ரிப்பெயர்

போதாது. FurMark கோரைத்தான் வாட்டும், மெமரியை அவ்வளவு தொடாது. நான் செய்கிற ஒழுங்கு இதுதான். பென் டிரைவில் GPU-Z, HWiNFO64, FurMark, memtest_vulkan நான்கையும் போட்டுக்கொண்டு போங்கோ.

முதலில் GPU-Z. 10 ஜிபி 3080 என்றால் ஷேடர் 8704, பஸ் 320 பிட், மெமரி GDDR6X என்று வர வேண்டும். ஒன்று பிசகினாலும் எழும்பி வந்துவிடுங்கோ. பிறகு FurMark-ஐ ஓட விட்டு, ஓடும்போதே கமாண்ட் புரொம்ப்டில் இதை அடியுங்கோ:

```
nvidia-smi --query-gpu=name,vbios_version,pcie.link.gen.current,pcie.link.width.current --format=csv
```

கடைசி எண் 16 ஆக இருக்க வேண்டும். 8 அல்லது 4 என்றால் நிறுத்தி, கார்ட்டைக் கழற்றி, பின்களைத் துடைத்துத் திரும்ப மாட்டிப் பாருங்கோ. அப்பவும் மாறாவிட்டால் போர்டின் சிலொட்டில் பிழையா என்று வேறு கணினியில் போட்டுத்தான் தெரியும். லிங்க் ஜெனரேஷன் 3 என்று வந்தால் பயப்படாதீங்கோ, அவருடைய போர்ட் பழசாக இருக்கலாம்.

அடுத்தது முக்கியம். HWiNFO64-இல் மூன்று வரிகளைப் பாருங்கோ: `GPU Temperature`, `GPU Hot Spot Temperature`, `GPU Memory Junction Temperature`. ஹொட் ஸ்பொட், கோரை விட 10 முதல் 15 டிகிரி கூட நிற்பது வழமை. 25 தாண்டினால் பேஸ்ட் காய்ந்திருக்க வேண்டும், அல்லது யாரோ திறந்து தடிப்பான பேட் போட்டு மூடியிருக்க வேண்டும். பேட் தடித்தால் ஹீட்சிங்கைத் தூக்கிப் பிடிக்கும், கோர் வடிவாக முட்டாது.

மெமரி ஜங்ஷனை memtest_vulkan ஓடும்போது பாருங்கோ. ஐந்து நிமிடத்தில் பாஸ் என்று சொல்லும், ஆனால் நிறுத்தாமல் 15 நிமிடமாவது விடுங்கோ, பேட் முழுக்கச் சூடேற நேரம் வேண்டும். ஒரு எரர் வந்தாலும் வாங்காதீங்கோ, மெமரியில் கொஞ்சம் பிழை என்று ஒன்று கிடையாது. 110-இல் கார்ட் தானாகவே வேகத்தைக் குறைக்கும். 90-களில் நின்றால் நல்லது. அவருடைய அறையில் ஏசி ஓடினால் நிப்பாட்டச் சொல்லுங்கோ. உங்கள் எடிட்டிங் அறையில் சித்திரை வெயிலுக்கு 33 டிகிரி இருக்கும், 24 டிகிரி அறையில் எடுத்த கணக்கு அங்கே செல்லாது.

உங்கள் 650 வாட்ஸ் பற்றி: என்விடியா 3080-க்குச் சொல்வது 750. சராசரிக்கு 650 தாங்கும் போலத் தெரியும், ஆனால் இந்தக் கார்ட் கண நேரம் மிக அதிகமாக இழுக்கும், அப்ப சப்ளை பட்டென்று அணையும். கார்ட்டில் குற்றம் என்று நினைப்பீர்கள். இரண்டு பவர் சொக்கெற்றுக்கும் தனித்தனி வயர் கொடுங்கோ. யூபிஎஸ் 650 விஏ என்றால் சோதனை நேரம் அதில் செருக வேண்டாம், கீகீ என்று கத்தி அணைந்துவிடும்.

தென்மராட்சி வீடியோ

போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். GPU-Z எல்லாம் சரி, லிங்க் 16. ஏசி நிப்பாட்டச் சொன்னதும் அவருக்குக் கொஞ்சம் முகம் மாறினது, ஆனால் நிப்பாட்டினார். கோர் 72, ஹொட் ஸ்பொட் 85. memtest_vulkan 20 நிமிடம், எரர் ஒன்றும் இல்லை, மெமரி மட்டும் 104-க்கு ஏறி அங்கேயே நின்றது. ரோர்ச் அடித்துப் பார்த்தேன், பவர் சொக்கெற் பக்கத்து மூன்று சிப்பைச் சுற்றி எண்ணெய் மினுங்குகிறது. நடு ஃபேன் வேகம் கூடும்போது ஒரு கரகரப்பு. பின்பக்கம் நான்கு ஸ்குரூவில் ஒன்றின் ஸ்டிக்கர் கிழிந்திருக்கிறது.

நல்லூர் கேமர்

பார்த்தீங்களா, மைனிங்தான். விடுங்கோ.

கொக்குவில் ரிப்பெயர்

மைனிங் என்று சத்தியம் பண்ண முடியாது. எத்தனை மணி நேரம் ஓடியது என்று கார்ட்டில் எங்கேயும் பதிவு இருக்காது. ஆனால் எண்ணெய், ஃபேன், 104 மூன்றும் சேர்ந்து ஒரே பக்கம்தான் கை காட்டுகின்றன. மற்றப் பக்கம், எரர் இல்லை, கோருக்கும் ஹொட் ஸ்பொட்டுக்கும் 13-தான். சிப்பும் மெமரியும் உயிரோடு இருக்கின்றன, பேட்டும் ஒரு ஃபேனும் போயிருக்கின்றன. இரண்டும் மாற்றக்கூடியவை. நான் என்றால் அந்தச் செலவைக் கழித்து விலை பேசுவேன். 115 கொடுக்க மாட்டேன்.

நல்லூர் கேமர்

பேட் மாற்றினால் சரிவரும் என்று யார் உத்தரவாதம்? இரண்டு வருடம் 104-இல் வெந்த மெமரி நாளைக்கு எரர் அடித்தால் இவர் கலியாண வீட்டுக்காரருக்கு என்ன பதில் சொல்வார்? அதே காசுக்கு வொறன்ரியோடு புது 3060 பார்க்கலாம், 12 ஜிபி இருக்கிறது.

கொக்குவில் ரிப்பெயர்

அதுவும் நியாயம்தான். Resolve-க்கு 12 ஜிபி உதவும், 170 வாட்ஸ் என்பதால் இருக்கிற சப்ளையே காணும். ஆனால் நொய்ஸ் ரிடக்ஷனில் 3080 வெகு தூரம் முன்னுக்கு நிற்கும். மெமரி எவ்வளவு காலம் இழுக்கும் என்பதற்கு எவரும் உத்தரவாதம் தர முடியாது, நானும் தர மாட்டேன்.

தென்மராட்சி வீடியோ

அவரோடு கதைத்தேன். 98,000-க்கு இறங்கினார். செக்கிங் வொறன்ரியை இரண்டு கிழமையாக எழுதித் தரவும் சம்மதம், ஆனால் கார்ட்டைத் திறந்தால் அது இல்லையாம். பேட் மாற்றாமல் இரண்டு கிழமை வேலை வாங்கிப் பார்த்து, பிறகு திறப்பமா? இந்த மொடலுக்கு எத்தனை மில்லிமீற்றர் பேட் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கோ, கொம்பனிக்குக் கொம்பனி வேறு என்கிறார்கள். பேட் யாழ்ப்பாணத்தில் எங்கே எடுக்கலாம் என்றும் தெரிந்தால் நல்லது.

கொக்குவில் ரிப்பெயர்

ஓம், முதல் இரண்டு கிழமையும் திறக்காதீங்கோ. ஒவ்வொரு நாளும் நீளமான ரெண்டர் ஒன்று ஓட விட்டு, HWiNFO64-இல் லொக் பதிந்து வையுங்கோ. 108 தாண்டினாலோ டிரைவர் விழுந்து எழும்பினாலோ அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுங்கோ. பேட் அளவை ஊகித்து வாங்க வேண்டாம். திறக்கிற அன்று பழைய பேட்டில் ஹீட்சிங் அழுத்தாத ஓரத்தைக் கலிப்பரால் அளக்க வேண்டும். பின்பக்கத்து லேபலில் இருக்கிற முழு மொடல் எண்ணைப் படம் எடுத்துப் போடுங்கோ, அதைத் திறந்தவர் யாராவது இங்கே இருக்கலாம்.