திரு, திருமதி போடும் கட்டத்துக்கு என்ன பெயர்?

கோத்தகிரி, நூலகத் தன்னார்வலர்:
வணக்கம். எங்கள் நூலக உறுப்பினர் படிவத்தைத் தமிழில் ஆக்குகிறோம். இந்தப் பட்டியலை வைத்துத்தான் விழா அழைப்பிதழ் உறையிலும் கடிதத்திலும் கணினி பெயர்களை அச்சடிக்கும். பெயருக்கு முன்னால் திரு, திருமதி, செல்வி என்று தேர்ந்தெடுக்க ஒரு சின்னக் கட்டம் இருக்கிறது. மென்பொருளில் அதற்கு "தலைப்பு" என்று போட்டிருக்கிறார்கள். பெரியவர் ஒருவர் அதில் தமக்கு வேண்டிய புத்தகத்தின் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டார். "மதிப்பு முன்னொட்டு" என்று மாற்றலாமா?

ஊட்டி, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
தலைப்பை எடுத்துவிடுங்கள், ஆனால் முன்னொட்டும் வேண்டாம் தம்பி. திருக்குறள், திருப்பாவை என்னும்போது திரு அடுத்த சொல்லோடு ஒட்டுகிறது, அதனால் நடுவில் க், ப் வருகிறது. ஆளைக் குறிக்கும்போது திரு கண்ணன், திரு பழனிசாமி என்றுதான் எழுதுகிறோம். திருக்கண்ணன் என்று எழுதினால் பெயரே அதுதான் என்று எடுத்துக்கொள்வார்கள். ஒட்டாமல் தனித்து நிற்கிற சொல்லை ஒட்டு என்று எப்படிச் சொல்வது? திருவுக்குப் பின்னால் புள்ளியும் தேவையில்லை. அது முழுச்சொல், எதன் சுருக்கமும் இல்லை.

கூடலூர்:
அப்போது அடைமொழி என்றே வைக்கலாமே? ஸ்ரீ, ஸ்ரீமதி போய் அண்ணா ஆட்சியில் திரு, திருமதி வந்ததும் அடைமொழி மாற்றம்தானே. இருக்கிற சொல்லை விட்டுவிட்டுப் புதிதாக எதற்கு?

ஊட்டி ஆசிரியர்:
பெயருக்கு அடையாக வருகிறது என்பது சரி, ஐயா. ஆனால் வழக்கில் அடைமொழி என்றால் ஒருவருக்கே உரிய சிறப்பு. காமராசருக்குப் பெருந்தலைவர் என்பது போல. திரு எல்லாருக்கும் பொது. அடைமொழி என்று கட்டம் வைத்துப் பாருங்கள், கவிஞர், செம்மல் என்று நிரப்பி அனுப்புவார்கள். "மதிப்புச்சொல்" என்று வைக்கலாம் என்பது என் கருத்து.

குன்னூர், அச்சகம்:
இதையும் சொல்லுங்கள் ஐயா. கல்யாணப் பத்திரிகையில் திருவளர்ச்செல்வி, திருநிறைச்செல்வன் என்று போடுகிறோமே, ச் வேண்டுமா? கடைசிப் பிள்ளைக்குத் திருநிறை, அடுத்து இன்னும் பிள்ளைகள் இருந்தால் திருவளர் என்று வாடிக்கையாளர்களே சொல்லிவிடுகிறார்கள். இந்த ச் விஷயத்தில்தான் ஒவ்வொரு தடவையும் தகராறு.

ஊட்டி ஆசிரியர்:
கேட்ட கேள்வி வேறு, இருந்தாலும் சொல்கிறேன். ச் வேண்டாம். வளர்ந்த, வளர்கிற, வளரும் என்று மூன்று காலத்துக்கும் பொருந்துவதால் அது வினைத்தொகை, அங்கே வல்லினம் மிகாது. ஊறுகாய் என்கிறோம், ஊறுக்காய் என்பதில்லையே. திருவளர்செல்வி, திருநிறைசெல்வன் என்று அடியுங்கள்.

கேத்தி பக்கம், ஒரு ஹட்டியிலிருந்து:
எங்கள் ஊர் கவுடருக்கு வெறும் திரு போட்டு உறை வந்தால் பெரியவர்களுக்கு மனம் ஒப்பாது. கவுடர் என்பது பெயருக்குப் பின்னால்தான் வரும். முன்னால் மட்டும் கட்டம் வைத்தால் அவரை எங்கே எழுதுவது?

குன்னூர், மென்பொருள் வேலையில் இருப்பவர்:
அண்ணன் கேட்டதுதான் முக்கியமான இடம். தமிழில் மதிப்பு பின்னாலும் வரும், அவர்கள் என்பதும் அப்படித்தான். கணினிக்கு அது வசதியும்கூட. கண்ணனுக்கு, மாலாவுக்கு, வள்ளிக்கு என்று ஒவ்வொரு பெயரும் ஒவ்வொரு விதமாக உருபு ஏற்கிறது. "பெயர் + க்கு" என்று நிரலில் எழுதினால் "கண்ணன்க்கு" என்று அச்சாகும். "பெயர் அவர்களுக்கு" என்று விட்டால் எந்தப் பெயரும் கெடாது. அதனால் முன் மதிப்புச்சொல், பின் மதிப்புச்சொல் என்று இரண்டு கட்டம் வையுங்கள். இரண்டும் காலியாக இருக்கவும் இடம் கொடுங்கள். நிரலே திரு சேர்க்கும்படி விட்டால் அருட்தந்தைக்கு "திரு அருட்தந்தை" என்று உறை போகும்.

பட்டியலைப் பற்றியும் ஒன்று. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. திருமதி என்றால் பொய், செல்வி என்றால் பள்ளிப் பிள்ளை என்று நினைக்கிறார்கள். ஆண்களை யாரும் இப்படிக் கேட்பதில்லை. சிங்கப்பூரில் எழுதுவதுபோல் திருவாட்டியையும் சேர்க்க வேண்டும்.

ஊட்டி ஆசிரியர்:
திருவாளர் இருக்கும்போது திருவாட்டி இருப்பதில் தடையே இல்லை, அம்மா. நல்ல சொல்.

கூடலூர்:
இங்கே யாருக்குப் புரியும்? என் மனைவியிடம் காட்டினேன், "இது வயதானவர்களுக்கா?" என்று கேட்டாள். திருமிகு என்றால் ஆண், பெண் இருவருக்கும் ஆகும்.

கோத்தகிரி தன்னார்வலர்:
எல்லாருக்கும் நன்றி. முன், பின் என்று இரண்டு கட்டமும் மதிப்புச்சொல் என்ற பெயரும் உறுதி. கவுடர், அருட்தந்தை போன்றவற்றை அவரவரே எழுதிக்கொள்ள இடம் விடுகிறோம். எதையும் முன்கூட்டியே தேர்ந்து வைக்கப்போவதில்லை. திருவாட்டியா திருமிகுவா என்பதை நூலகத்துக்கு வரும் பெண்களிடம் படிவத்தைக் காட்டிக் கேட்டுவிட்டு எழுதுகிறேன். அதுவரை இரண்டும் பட்டியலில் இருக்கட்டும்.