இறக்கிய சரக்கை ரேக்கில் ஏற்றாமலே அனுப்பியவர்கள் உண்டா? உங்கள் அனுபவம்?

டாக் நம்பர் 7
ஒரகடம் பக்கம் ஒரு சூப்பர்மார்க்கெட் கிடங்கில் டிஸ்பேட்ச் பார்க்கிறேன். எங்களுக்கு 40 கடைகள். போன வருஷம் பிஸ்கட்டையும் சலவைத்தூளையும் கிராஸ் டாக்கிங்குக்கு, அதாவது ரேக்கில் ஏற்றாமல் அன்றே கடைக்கு அனுப்பும் முறைக்கு மாற்றினோம். காலை 6 மணிக்கு லாரி வரும். தரையில் மஞ்சள் டேப் ஒட்டி, கடைக்கு ஒரு கட்டம் வைத்திருக்கிறோம். பெட்டி லாரியிலிருந்து நேராகக் கட்டத்துக்குப் போகும், 10 மணிக்குக் கடை வண்டி கிளம்பும்.

பிஸ்கட் முதல் வாரத்திலேயே பழகிவிட்டது. 600 பெட்டி, கடைக்கு 15. எந்தப் பெட்டி எந்தக் கடைக்கு என்று கம்பெனியிலேயே ஸ்டிக்கர் ஒட்டி அனுப்புவார்கள்.

சலவைத்தூளில்தான் மானம் போனது. ஸ்டிக்கர் கிடையாது. அதோடு ஒருநாள் 600 கேட்ட இடத்தில் 540 வந்தது. கடைக்குப் பதின்மூன்றரை! அரைப் பெட்டியை அனுப்ப முடியாது. 20 கடைக்கு 14, மீதி 20 கடைக்கு 13 என்று முடிவெடுத்து, பில்லையெல்லாம் திருத்தி முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. அதுவரை பிஸ்கட் ஏற்றிய வண்டிகளும் டாக்கிலேயே நின்றன. ரேக்கில் பழைய ஸ்டாக் இருந்திருந்தால் அந்த 60 பெட்டியை எடுத்து நிரப்பியிருப்பேன்.

சரக்குக்காரன்
கம்பெனி மேல் தப்பு, முறை மேல் இல்லை. கிராஸ் டாக்கிங் என்றால் ஸ்டாக்கே கிடையாது, ஸ்டாக் இல்லாவிட்டால் செலவும் கிடையாது. எல்லாச் சரக்கையும் இப்படி மாற்றிவிட்டால் ரேக்கே தேவைப்படாது.

கொழும்பு ரவி
எங்கட துறைமுகத்திலும் இதுதானே நடக்குது? ஒரு கப்பலில் இருந்து இறக்கின கொள்கலனை இன்னொரு கப்பலில் ஏத்தி அனுப்புறது.

டாக் நம்பர் 7
கிட்டத்தட்ட, அண்ணே. ஆனால் நீங்கள் கொள்கலனைத் திறப்பதில்லை. ஒரு லோடைப் பிரித்து நாற்பதாக்குவதில்தான் எங்கள் பாடு.

பழைய பிளானர்
சரக்குக்காரன் சொல்வது பாதி சரி. ரேக்கில் ஏற்றுவது, மறுபடி தேடி எடுப்பது என்ற இரண்டு வேலையும் மிச்சமாகிறது. கிடங்கில் கூலி அதிகம் தின்பது எடுக்கும் வேலைதான். ஆனால் ஸ்டாக் எங்கேயும் மறைந்துவிடுவதில்லை. பாதி கம்பெனி கிடங்கில் உட்காரும், பாதி கடையின் பின்னறையில் உட்காரும்.

நான் பார்த்த கிடங்கிலும் உங்களைப் போல 40 கடைதான். அங்கே ஷூ பாலிஷையும் இந்த முறைக்கு மாற்றினார்கள். ஒரு கடையில் மாதம் இரண்டு பெட்டி விற்கும். 40 கடைக்கும் சேர்த்து மாதம் 80 பெட்டி. அதை வாரம் 20 பெட்டியாகக் கொண்டுவர எந்தக் கம்பெனி லாரி அனுப்பும்? வேறு வழியில்லாமல் மாதம் ஒருமுறை மொத்தமாக இறக்கினார்கள். 'கிராஸ் டாக்கிங்' சரக்கு நாலு வாரம் தரையில் கிடந்தது. ரேக் இல்லாத கிடங்கு, அவ்வளவுதான்.

லாரி டாக்கில் நிற்கும்போதே ஒவ்வொரு பெட்டிக்கும் போகிற கடை தெரிந்திருக்க வேண்டும், அன்றே போயாக வேண்டும். பிஸ்கட் போல தினமும் ஒரே சீராகப் போகிற சரக்குக்கு இது ஒத்துவரும். கம்பெனி எண்ணிக்கையிலோ நேரத்திலோ தவறினால், ரேக்கில் இரண்டு நாள் ஸ்டாக் வைத்திருப்பதே மலிவு. உங்கள் சலவைத்தூளை அப்படி வைத்துப் பாருங்கள்.

ஒரு சோதனை சொல்கிறேன். மதியம் 2 மணிக்குத் தரையில் எத்தனை பெட்டி மிச்சம் என்று தினமும் எழுதி வையுங்கள். அந்த எண் வாரத்துக்கு வாரம் ஏறினால் முறை உடைகிறது என்று அர்த்தம்.

ஊட்டி கேரட்
எங்களுக்கு இந்த யோசனையே கிடையாது. ராத்திரி காய் ஏறும், விடியற்காலை இறங்கும், எட்டு மணிக்குக் கடைக்குப் போய்விடும். வைத்தால் வாடிவிடும், அப்புறம் எந்த ரேக்? ஆனால் மலையில் மழை பெய்து லாரி நாலு மணி நேரம் தாமதமானால் கடை வண்டியை நிறுத்தி வைப்பதா, காய் இல்லாமல் அனுப்புவதா என்று தினமும் சண்டை. நிறுத்தினால் பாலும் சேர்ந்து தாமதமாகிறது. நாங்கள் இப்போது காய்க்குத் தனி வண்டி விடுகிறோம். பாதி காலியாகத்தான் ஓடுகிறது.

சரக்குக்காரன்
தீபாவளி நேரத்தில்? அப்போது ரேக்கில் இடமே இருக்காதே. அப்போதாவது என் பேச்சு சரிதானே?

பழைய பிளானர்
அந்த நேரத்தில்தான் கம்பெனி லாரியும் நேரத்துக்கு வராது. நான் ஒரு மாதம் முன்பே வாங்கி அடுக்கினேன், என் நண்பர் அடுக்காமல் சமாளித்தார். இரண்டு பேருமே திட்டு வாங்கினோம்.

டாக் நம்பர் 7
2 மணிக் கணக்கை இன்று ஆரம்பித்தேன். பிஸ்கட் 0. சலவைத்தூள் 37. அதில் 14 பெட்டி, போன வாரம் ஆர்டரை ரத்து செய்த ஒரே கடையின் கட்டத்தில் கிடக்கிறது. கை பேலட் வண்டி அதைச் சுற்றித்தான் போகிறது.